அடி சாப்பிட்ட கட்டுரை

“இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் படிக்கும்போது எங்கேயோ இடிக்கிறது. எதன் கீழே கோடு போடுவது?” என்று ஒரு தமிழாசிரியை கேட்டிருந்தார். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி எழுதியது: “நேற்று ஒரு கனவு பார்த்தேன். அதில் அப்பாவிடம் அடி சாப்பிட்டேன்.”

கோடு வினைச்சொல்லின் கீழேதான். ‘கனவு’ அந்தப் பெண் சொல்ல வந்த பொருள், அதில் தவறில்லை. அதோடு எந்த வினை சேரும் என்பதைத் தமிழ் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது: கனவைக் காண்கிறோம், அடியை வாங்குகிறோம்.

இதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? 1990-இல் கென்னத் சர்ச், பேட்ரிக் ஹேங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரபலமாக்கிய கணக்கு மிக எளிது. ஒரு கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பில் ‘கனவு’ 2,000 முறை, ‘காண்’ 5,000 முறை வருவதாக வைத்துக்கொள்வோம். தற்செயலாக அடுத்தடுத்து வர வேண்டுமானால், 2,000-ஐ 5,000-ஆல் பெருக்கி ஒரு கோடியால் வகுக்க, ஒரே ஒரு முறை. எண்ணிப் பார்த்தால் 400 முறை இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ‘பார்’ 20,000 முறை வந்தால் கனவோடு 4 முறையாவது தென்பட வேண்டும். இருப்பதோ ஒன்று. சந்தேகப்பட அது போதும்.

தமிழில் இது அவ்வளவு சுலபமில்லை. கண்டேன், காண்கிறாள் எல்லாவற்றையும் முதலில் ‘காண்’ என்று ஒரே வேருக்குக் கொண்டுவர வேண்டும். ‘கனவு கண்டு பார்த்தேன்’ என்பது நல்ல தமிழ். அதில் ‘பார்’ துணைவினை. இதைப் பிரிக்கத் தெரியாத கணினி அதற்கும் கோடு போடும். அரிய சொற்களிடமும் ஏமாறும்: தலா ஒரே முறை வந்த இரண்டு எழுத்துப்பிழைகள் பக்கத்தில் அமைந்துவிட்டால், இந்தக் கணக்குக்கு அவைதான் உலகிலேயே நெருங்கிய ஜோடி! அதனால் ஐந்தாறு முறைக்குக் குறைவாக வரும் ஜோடிகளை ஒதுக்கிவிடுவது வழக்கம்.

எனக்குப் பிடித்தது திருத்தம் தேடும் வழி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டால்மையர், ங் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் சீன மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளுக்காகச் செய்தது: பிழையான சொல்லைத் தாய்மொழிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறு வழியாகத் திரும்பி வருவது. நம் மாணவிக்கும் பொருந்தும். ‘சாப்பிடு’ இந்தியில் ‘கானா’. அங்கே ‘மார் கானா’ என்றால் அடி வாங்குவது, ‘ஹவா கானா’ என்றால் காற்று வாங்குவது. இரு மொழியிலும் உள்ள வாக்கியங்களை ஒப்பிட்டால், ‘கானா’வுக்கு எதிரே ‘சாப்பிடு’, ‘வாங்கு’ இரண்டும் நிற்கும். அடியோடு எது சேரும் என்று பழைய கணக்கைப் போட்டால் ‘வாங்கு’ ஜெயிக்கும். பிழை எங்கிருந்து வந்ததோ அந்த வழியிலேயே திருத்தமும் வருகிறது.

இந்த வழி சரியாகத் திருத்துகிறதா என்று சோதிக்கத் தேவை, தமிழ் கற்பவர்கள் எழுதி ஆசிரியர்கள் திருத்திய கட்டுரைகள். அவற்றைச் சேகரிக்க யாராவது பணம் ஒதுக்கலாம். நாமோ பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

அதே கட்டுரையில் “கடற்கரையில் காற்று சாப்பிட்டோம்” என்றும் இருந்ததாம். கணக்குப்படி அதுவும் பிழைதான். ஆசிரியை அதற்கு மட்டும் பென்சிலால் கோடு போடட்டும்.