‘பகை எண்’ என்று நிச்சயத்தை நிறுத்தும் முன்

சில மாதங்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் என் அறைக்கு ஒரு அம்மா தன் தம்பியோடு வந்தார். மகளுக்கு நிச்சயம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் புதுச்சேரி, லாஸ்பேட்டை. ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம். மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. அதன் பிறகு, பத்திரிகையில் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்க வேறொரு எண்கணிதரிடம் போயிருக்கிறார்கள். அவர் இரண்டு பேரின் பிறந்த தேதியையும் கேட்டு, மேஜைமேல் இருந்த ஒரு அட்டையைப் பார்த்து, “பொண்ணு ரெண்டு, பையன் அஞ்சு. பகை எண். மூணு வருஷம் தாங்காது” என்று சொல்லிவிட்டார். பெயரை மாற்றினால் சரியாகும், அதற்குப் பதினோராயிரம் ஆகும் என்றும் சொன்னாராம்.

“நிறுத்திடலாமாங்கய்யா?” என்று கேட்கும்போது அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

தேதிகளை வாங்கி எழுதினேன். பெண் பிறந்தது 20-8-1997. 20-ஐக் கூட்டினால் 2, அது சந்திரனின் எண். மாப்பிள்ளை 14-3-1993. 1+4 = 5, புதனின் எண். இதுவரை அவர் சொன்னது சரிதான். தவறு அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.

எண்களுக்கு என்று தனியாக நட்பும் பகையும் கிடையாது. 1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 5 புதன், 6 சுக்கிரன், 8 சனி, 9 செவ்வாய் என்று வைத்துக்கொண்டு, ஜோதிடத்தில் உள்ள கிரக நட்புப் பட்டியலை எண்களுக்குக் கடனாக வாங்கியிருக்கிறோம். திருமணப் பொருத்தத்தில் ராசியதிபதி பொருத்தம் என்று பார்ப்பதும் இதே பட்டியலை வைத்துத்தான். இந்தப் பட்டியலை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். ஒருவர் மற்றவரை நண்பராக நினைக்கலாம், அவர் இவரைப் பகையாக நினைக்கலாம். 2-க்கும் 5-க்கும் நடுவில் இருப்பது சரியாக அதுதான். சந்திரனுக்குப் புதன் நண்பன். புதனுக்குச் சந்திரன் பகை.

ஏன் அப்படி என்று அந்த அம்மாவின் தம்பி கேட்டார். நல்ல கேள்வி, காகிதத்தில் ராசிக் கட்டம் போட்டே காட்டினேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் அது பலமாக நிற்கும் மூலத்திரிகோண வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டிலிருந்து எண்ணினால் 2, 4, 5, 8, 9, 12-ஆம் வீடுகளுக்கு உரியவர்கள் அந்தக் கிரகத்துக்கு நண்பர்கள். உச்ச வீட்டுக்கு உரியவரும் அப்படியே. ஒருவருடைய இரண்டு வீடும் இந்தக் கணக்கில் வந்தால் நட்பு, இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் சமம், எதுவுமே வராவிட்டால் பகை. ஒரே வீடு உள்ள சூரியனுக்கும் சந்திரனுக்கும் அந்த ஒன்று வந்தாலே நட்பு.

சந்திரனின் மூலத்திரிகோணம் ரிஷபம். அதற்கு 2-ஆம் வீடு மிதுனம், 5-ஆம் வீடு கன்னி. இரண்டுமே புதனுடையவை, அதனால் புதன் முழு நண்பன். இப்போது புதன் பக்கம் போய்ப் பாருங்கள். அவருடைய மூலத்திரிகோணம் கன்னி. சந்திரனுக்கு இருப்பது கடகம் ஒன்றுதான், அது கன்னிக்கு 11-ஆம் வீடு. கணக்கில் வரவில்லை, அதனால் பகை. புராணத்தில் புதன் சந்திரனுக்குப் பிறந்த பிள்ளை. தகப்பனுக்குப் பிள்ளைமேல் பாசம், பிள்ளைக்குத் தகப்பன்மேல் கோபம். கட்டமும் கதையும் ஒன்றையே சொல்கின்றன.

ஆக, இந்த ஜோடியில் பெண் பக்கமிருந்து நட்பு, மாப்பிள்ளை பக்கமிருந்து பகை. அட்டையில் இதை ‘பகை’ என்று ஒரே சொல்லில் அச்சடித்தால் பாதி உண்மை காணாமல் போகிறது. இரு பக்கமும் பகை என்பது வேறு. 1-ம் 8-ம் அப்படி. சூரியனும் சனியும் ஒருவரையொருவர் பகைவராகவே பார்க்கிறார்கள். ஊரெல்லாம் பயப்படும் 3–6 கூட அந்த அளவுக்கு இல்லை. குருவுக்குச் சுக்கிரன் பகை, ஆனால் சுக்கிரனுக்குக் குரு சமம்தான்.

அப்புறம் விதி எண். தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் கூட்டினால் பெண்ணுக்கு 36, அதாவது 9. மாப்பிள்ளைக்கு 30, அதாவது 3. செவ்வாயும் குருவும் இரண்டு பக்கமும் நண்பர்கள். தேதியை மட்டும் கூட்டி வரும் பிறவி எண் தினப்படி பேச்சையும் பழக்கத்தையும் காட்டும் என்றும், விதி எண் வாழ்க்கை போகும் திசையைக் காட்டும் என்றும் வைத்துத்தான் நான் பலன் சொல்கிறேன். திருமணத்துக்கு இரண்டாவதைப் பார்க்காமல் முடிவு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்த அட்டைக்காரர் அதைக் கூட்டியே பார்க்கவில்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதையும் அவர்களிடம் சொன்னேன். மேலே சொன்ன நட்பும் பகையும் நிரந்தரமானவை, ஜோதிடத்தில் அது பாதிக்கணக்குதான். ஜாதகக் கட்டத்தில் ஒரு கிரகத்துக்கு 2, 3, 4, 10, 11, 12-ல் நிற்பவர் தற்காலிக நண்பர் ஆகிவிடுவார். நிரந்தரப் பகையும் தற்காலிக நட்பும் சேர்ந்தால் சமம். எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாப்பிள்ளையின் ஜாதகத்தில் புதனுக்குப் பத்தாம் இடத்தில் சந்திரன் நின்றது. அவ்வளவு பயமுறுத்திய பகை அங்கேயே சமமாகிவிட்டது. மாதத்தில் 5, 14, 23 என்று மூன்று தேதியில் பிறக்கிற எல்லோருமே 5-தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் 2-ஆம் எண்காரர்களோடு வாழ முடியாது என்று யார் சொல்ல முடியும்?

4, 7 எண்காரர்கள் வந்தால் நான் இன்னும் நிதானமாகப் பேசுவேன். ராகுவும் கேதுவும் நிழல் கிரகங்கள். ஏழு கிரகங்களுக்கு இருப்பதுபோல் எல்லோரும் ஒத்துக்கொண்ட சொந்த வீடு அவர்களுக்கு இல்லை, அதனால் மேலே சொன்ன கணக்கு அவர்களிடம் நிற்காது. ‘சனிவத் ராகு’, அதாவது ராகு சனியைப் போல என்று பார்த்தால் 4-ம் 1-ம் பகை. மேல்நாட்டு முறைப்படி பார்த்தால் அதே 4, 1-க்கு ஜோடி. இரண்டு அட்டைகள் நேர் எதிராகச் சொல்வது இதனால்தான். இந்த இரண்டு எண்ணை வைத்து நல்ல வரனைத் தட்டிக்கழிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால் தேதியைச் சரிபாருங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைச் சரிக்கட்ட ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிட்டு, ஜாதக நோட்டில் வேறு தேதி இருப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். நான் நோட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். நடுராத்திரிக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு முந்தின நாளின் எண்ணையே எடுக்கிறவர்களும் உண்டு. எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், எண்ணே மாறிவிடும்.

அந்த அம்மாவிடம் நிச்சயத்தை நிறுத்தத் தேவையில்லை என்று சொன்னேன். பெயரில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஒருபக்கப் பகையை நான் குணத்துக்கான எச்சரிக்கையாக மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். 2-ஆம் எண் மனசால் பேசும், உடனே ஆறுதல் எதிர்பார்க்கும். 5-ஆம் எண் அதற்குக் காரணம் கேட்டு வாதம் பண்ணும், அதிலேயே சலித்துப் போகும். விட்டுக்கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் கூடுதல்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளையும் பெண்ணுமே சேர்ந்து வந்தார்கள். கட்டத்தைக் காட்டி இதையே திரும்பச் சொன்னேன். அந்தப் பெண் சட்டென்று அவர் பக்கம் திரும்பி, “நேத்து போன்ல நான் அழுதப்போ, ‘என்ன காரணம், ஒண்ணொண்ணா சொல்லு’ன்னு கேட்டீங்கல்ல?” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி, இனிமே கேக்கல” என்றார்.