ரப்பர் பேண்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

கார் ரேஸ் கேம் ஆடியவர்களுக்கு இது தெரிந்த எரிச்சல். இரண்டு சுற்று தவறே இல்லாமல் ஓட்டி, பின்னால் யாருமே கண்ணில் படாத தூரத்துக்கு வந்திருப்போம். கடைசி வளைவில் லேசாகச் சுவரில் உரசினால் போதும், எங்கிருந்தோ வந்த கம்ப்யூட்டர் கார் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘ரப்பர் பேண்டிங்’ என்று பெயர்.

பெயர் வந்த காரணம் எளிது. உங்கள் காருக்கும் எதிராளி காருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ரப்பர் பேண்டு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி கூடக்கூட இழுப்பும் கூடும். பள்ளியில் படித்த ஹூக் விதியேதான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிராளி 100 மீட்டர் பின்னால். 100 மீட்டர் பின்தங்கினால் 10 சதவீத வேகம் கூடுதல் என்று விதி எழுதியிருக்கிறது. அவன் வேகம் இப்போது 220. நொடிக்கு ஐந்தரை மீட்டர் நெருங்குகிறான். நெருங்கநெருங்க இழுப்பு தளரும் என்பதால் ஒரேயடியாக வந்து முட்டமாட்டான். ஆனாலும் சுமார் 12 நொடியில் இடைவெளி 50 மீட்டராகும், இன்னொரு 12 நொடியில் 25. முதல் சுற்றில் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த முன்னிலை அரை நிமிடத்துக்குள் கரைந்துவிடுகிறது. கடைசிப் பத்து நொடியில் செய்த தவறு மட்டும் முழுசாக நிற்கிறது. அநியாயம் என்று மனசு கொதிப்பது இதனால்தான்.

பேண்டு மறுபக்கமும் இழுக்கும், அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. நீங்கள் பின்தங்கினால் முன்னால் போகிறவன் மெதுவாகிறான். உங்கள் கேமில் இது இருக்கிறதா என்று அறிய, ஒரே பாதையை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை வேண்டுமென்றே சோம்பலாகவும் ஓட்டி, இரண்டு முறையும் எதிராளிகளின் சுற்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தோடு அவர்கள் நேரமும் கூடிக் குறைந்தால் பேண்டு இருக்கிறது.

இது, ஆடுபவருக்கு ஏற்பக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘டைனமிக் டிஃபிகல்ட்டி’ என்ற பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளைதான். வேகத்தைத் தொடாமலும் அதையே செய்யலாம். மரியோ கார்ட்டில் முன்னால் போகிறவருக்குப் பெட்டியில் வாழைப்பழத்தோல் வரும், கடைசியில் தவிக்கிறவருக்கு நட்சத்திரமும் மின்னலும் வரும். 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 என்ற கேம், ஆடுபவரின் திறமையை மறைவாக எடைபோட்டுக்கொண்டே இருக்கும். அடிக்கடி செத்தால் எதிரிகளின் மூர்க்கம் குறையும், நன்றாக ஆடினால் கூடும். பலர் முழு கேமையும் முடித்த பிறகும் இதைக் கவனித்ததில்லை.

மனிதரோடு மனிதர் மோதும் ஆன்லைன் மேட்ச் வேறு கதை. “நாலு மேட்ச் ஜெயிச்சா அஞ்சாவதுல வேணும்னே தோக்க வைக்கிறான்” என்ற புகார் எல்லா கேமிலும் உண்டு. இதை வைத்து 2020இல் கலிஃபோர்னியாவில் அப்போது ஃபிஃபா கேமை வெளியிட்டுவந்த ஈஏ நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள். டைனமிக் டிஃபிகல்ட்டி நுட்பம் ஃபிஃபாவில் இல்லவே இல்லை என்று நிறுவனம் மறுத்தது, 2021இல் வழக்கும் வாபஸானது. ரேங்க் முறையில் சமபலமுள்ளவரோடுதான் உங்களைக் கோர்க்கிறார்கள், அதாவது வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி. காசு சுண்டுவதுபோல 100 மேட்ச் ஆடினால், எங்காவது தொடர்ந்து ஐந்து தோல்வி வர 80 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. யாரும் சதி செய்யவேண்டிய அவசியமில்லை.

குழப்பத்துக்கு, நெட் இழுக்கும்போது நம் ஆள் ஓடிய இடத்திலிருந்து பழைய இடத்துக்கே வெடுக்கென்று திரும்புவதையும் ‘ரப்பர் பேண்டிங்’ என்கிறார்கள். அது சர்வர் நம் இருப்பிடத்தைத் திருத்துவது, கடினத்தோடு தொடர்பே இல்லை. தமிழில் இதற்குப் ‘பின்னிழுப்பு’ என்று தனிச்சொல் வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் பொருளுக்கு? பாடநூலில் இலாஸ்டிசிட்டிக்கு ‘மீட்சிப் பண்பு’ என்ற சொல் இருக்கிறது. மீள் என்ற வேரிலேயே திரும்புதல், தப்புதல் இரண்டும் உண்டு. தோற்பவரைக் கைதூக்கிவிடும் நுட்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. பட்டை என்ற பொருளில் ‘வார்’ சேர்த்து ‘மீள்வார்’ என்று முதலில் யோசித்தேன், ஆனால் வாக்கியத்தில் போட்டால் யாரோ திரும்பி வரப்போகிறார் என்று படிக்கிறது. ஆகவே ‘மீள்கயிறு’.

டைனமிக் டிஃபிகல்ட்டியை ‘இயங்குநிலைக் கடினம்’ என்று எழுதினால் ஏதோ ஓடுகிற பொருளைப் பற்றியது போலத் தோன்றும். ‘தகவமை கடுமை’ என்பது என் தேர்வு. உயிரியலில் உயிரிதான் சூழலுக்குத் தகவமையும், இங்கே சூழல் ஆளுக்குத் தகவமைகிறது என்று ஒரு வாத்தியார் திருத்தலாம். திருத்தட்டும்.