ஸ்டாப் லாஸ்: ஆப்ஷன் பிரீமியத்தில் போடுவதா, பங்கின் விலையில் போடுவதா?

புரோக்கர் நிறுவனம் ஒன்றின் ரிஸ்க் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டு வகையான போன்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் வகை: "சார், பங்கு இருந்த இடத்திலேயே இருக்கு, என் ஸ்டாப் லாஸ் மட்டும் எப்படி அடிச்சுது?" இரண்டாவது வகை: "ஸ்டாப் லாஸ் போட்டுத்தானே வெச்சிருந்தேன், அப்புறம் எப்படி இவ்வளவு நஷ்டம்?" கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். தாங்கள் போட்ட ஸ்டாப் எந்த விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அது அடித்தபிறகு என்ன நடக்கும் என்பதை இருவருமே சரியாகக் கவனிக்கவில்லை.

முதல் கேள்வியை எண்களோடு பார்ப்போம். ஒரு பங்கு 1000-ல் இருக்கிறது. எக்ஸ்பைரிக்கு 10 நாள் இருக்கையில் 1000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை ஒருவர் வாங்குகிறார். ஐவி, அதாவது சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், 20 சதவீதம் என்றால் பிரீமியம் ஏறத்தாழ 13 இருக்கும். சார்ட்டைப் பார்த்து அவர் எடுத்த முடிவு: பங்கு 985-க்குக் கீழே போனால் என் கணிப்பு தப்பு. நல்ல, தெளிவான முடிவு. ஆனால் ஆர்டர் போடும்போது அந்த 985-ஐ விட்டுவிட்டு, பிரீமியத்தில் முப்பது சதவீத நஷ்டம் என்று கணக்குப் போட்டு 9-ல் ஸ்டாப் வைக்கிறார்.

ஐந்து நாள் கழிகிறது. பங்கு அதே 1000-ல் நிற்கிறது. ஐவியும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாள் கரைந்ததால் மட்டுமே பிரீமியம் 9.3-க்கு வந்துவிடும். ஐவி 20-லிருந்து 18-க்கு இறங்கினால் 8.4. ஸ்டாப் அடித்துவிட்டது. அவருடைய கணிப்பு தப்பு என்று சந்தை சொல்லவே இல்லை. காலம் கரைந்தது, பதற்றம் கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். மறுநாள் பங்கு 1025-க்குப் போனால் அதைப் பார்த்து ஆற்றாமைப்படுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ஐந்து நாள்கூட வேண்டாம். வியாபாரம் குறைவாக நடக்கும் ஸ்ட்ரைக்கில் வாங்குபவர் கேட்கும் விலை 8.8, விற்பவர் சொல்லும் விலை 11.5 என்று இடைவெளி அகலமாக இருக்கும். யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரே ஒரு லாட்டை 8.8-க்கு விற்றால் கடைசி விலை 8.8 என்று பதிவாகும். கடைசி விலையைப் பார்த்து வேலை செய்யும் ஸ்டாப் அந்த ஒரு வியாபாரத்துக்கே அடித்துவிடும். வாடிக்கையாளரோடு சேர்ந்து ஆர்டர் பதிவைத் திறந்து பார்க்கும்போது இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நொடியில் பங்கின் விலை அசைந்தே இருக்காது, ஆப்ஷனில் மட்டும் ஒற்றைக் கோடாக ஓர் இறக்கம் தெரியும்.

சரி, அப்படியானால் பங்கின் விலையிலேயே, 985-லேயே, ஸ்டாப் வைத்துவிடலாமே? ஆப்ஷன் வாங்குபவருக்கு என் பதிலும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 985 வரும்போது எவ்வளவு நஷ்டம் என்பது முன்கூட்டியே தெரியாது. வாங்கிய அன்றே பங்கு 985-க்கு வந்தால் பிரீமியம் ஏறக்குறைய 7 இருக்கும், நஷ்டம் 6. ஐந்து நாள் கழித்து அதே 985 வந்தால் பிரீமியம் 3.6 தான், நஷ்டம் 10-ஐ நெருங்கிவிடும். அதனால் எத்தனை ஆப்ஷன் வாங்கலாம் என்பதை மோசமான எண்ணை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு வர்த்தகத்தில் 1000-க்கு மேல் இழக்கக் கூடாது என்றால் 100 ஆப்ஷன். 6-ஐ வைத்துக் கணக்கிட்டு 160 வாங்கியவர், ஸ்டாப்பை மதித்து ஒழுங்காக வெளியேறினாலும் தன் வரம்பைத் தாண்டித்தான் இழப்பார். இதோடு நாள் வரம்பு ஒன்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: மூன்று நாளில் பங்கு நகரவில்லையென்றால் 985 வராவிட்டாலும் வெளியே வந்துவிடுவது. காலம் கரைவதைப் பங்கின் விலையில் வைத்த ஸ்டாப் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 'பங்கு 985 ஆனால் ஆப்ஷனை விற்றுவிடு' என்ற நிபந்தனை பல இடங்களில் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. புரோக்கரின் சர்வரிலோ, சில சமயம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளிலோதான் காத்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் என்றால், இணையம் அறுந்தால் ஸ்டாப்பும் அறுந்தது. எங்கே காத்திருக்கிறது, எந்த விலையைப் பார்க்கிறது, அடித்தபிறகு போவது கிடைத்த விலைக்கு முடிக்கும் மார்க்கெட் ஆர்டரா, சொன்ன விலையைத் தாண்டாத லிமிட் ஆர்டரா என்ற மூன்றையும் புரோக்கரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆப்ஷனை விற்பவருக்கு நியாயம் வேறு. அதே பங்கு 1000-ல் இருக்கையில் 10 நாள் எக்ஸ்பைரிக்கு 970 ஸ்ட்ரைக் புட்டை, அதாவது பங்கு இறங்கினால் விலை ஏறும் ஆப்ஷனை, ஒருவர் 5-க்கு விற்கிறார் என்று வைப்போம். பங்கு 985-ஐத் தொட்டால் வெளியேறுவேன் என்பது அவருடைய ஸ்டாப். மதியம் ஏதோ வதந்தி கிளம்புகிறது. பங்கு 988 வரை இறங்கி நிற்கிறது, ஐவி 24-லிருந்து 32-க்குத் தாவுகிறது. 985 வரவே இல்லை, ஆனால் அவர் விற்ற புட் 12-க்கு ஏறிவிட்டது. 5-க்கு விற்றவருக்கு ஏற்கெனவே 7 நஷ்டம். இந்த இடத்தில் பிரீமியம்தான் உண்மையைச் சொல்கிறது. விற்றவரின் ரிஸ்க்கில் ஐவி பெரும்பங்கு வகிப்பதால், அவர் பங்கின் விலை, பிரீமியம் இரண்டிலும் ஸ்டாப் வைத்து, எது முதலில் வருகிறதோ அதில் வெளியேறுவது நல்லது. ஒன்று அடித்ததும் மற்றதை உடனே ரத்து செய்ய வேண்டும். மறந்தால் தேவையில்லாத புதிய பொசிஷன் ஒன்று உருவாகிவிடும்.

இதுவரை பேசியதெல்லாம் விலை படிப்படியாக நகரும் நேரத்துக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வகைப் போன் வருவது கேப் அடித்த, அதாவது விலை நடுவில் எங்கும் நிற்காமல் ஒரேயடியாகத் தாவித் திறந்த காலையில். மேலே சொன்ன 970 புட்டையே எடுத்துக்கொள்வோம். விற்றவர் பிரீமியம் 10-ல் ட்ரிகர், 11-ல் லிமிட் என்று ஸ்டாப் வைத்திருக்கிறார். அதிகபட்சம் 6 நஷ்டம் என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். இரவில் நிறுவனத்தைப் பற்றி மோசமான செய்தி வருகிறது. காலையில் பங்கு 930-ல் திறக்கிறது. ஐவி 35. அந்த 970 புட்டின் நியாயமான விலை இப்போது 46, 47. ஆனால் திறந்த முதல் நிமிடத்தில் நியாய விலையில் யாரும் நிற்பதில்லை. திரையில் வாங்குபவர் 38, விற்பவர் 58 என்று தெரிகிறது.

ட்ரிகர் 10 என்பது தாண்டிவிட்டதால் ஸ்டாப் உடனே அடிக்கிறது. பிறகு 11 லிமிட்டில் வாங்கும் ஆர்டராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. 58-க்கு விற்க நிற்பவர்கள் மத்தியில் 11-க்கு யார் கொடுப்பார்கள்? ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே கிடக்கும். ஆர்டர் பக்கத்தில் 'ட்ரிகர் பெண்டிங்' என்று இருந்தது 'ஓப்பன்' என்று மாறியிருக்கும், அவ்வளவுதான். பலர் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு ஸ்டாப் வேலை செய்துவிட்டது, பொசிஷன் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரைமணி நேரம் கழித்துப் பொசிஷன் பக்கத்தைத் திறக்கும்போதுதான் விற்ற புட் அப்படியே இருப்பது தெரியும். ஸ்டாப் மார்க்கெட் ஆர்டராக இருந்திருந்தால் வெளியே வந்திருப்பார், ஆனால் 58-ல். அதிகபட்சம் 6 நஷ்டம் என்று திட்டமிட்டவருக்கு 53.

அவர் ஸ்டாப்பைப் பங்கின் விலையில், 985-ல், வைத்திருந்தால்? அதே கதைதான். 985-ல் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை. பங்கு நேற்று 1000-ல் மூடி இன்று 930-ல் திறந்தது. நிபந்தனை நிறைவேறும் முதல் விலையே 930. பிரீமியமா பங்கா என்ற வாதத்துக்கு கேப்பில் இடமே இல்லை. இரண்டும் ஒரே நொடியில் அடித்து, ஒரே மோசமான விலைப் பட்டியலுக்கு முன்னால் போய் நிற்கும்.

இரவில் பொசிஷன் வைக்காமல் இருந்தால் தப்பிவிடலாம் என்பார்கள். பெருமளவு உண்மை, முழுவதும் அல்ல. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011 முதல் காத்துவந்த குறைந்தபட்ச விலையைக் கைவிட்டது. சந்தை நடந்துகொண்டிருந்த வேலை நாள் அது. யூரோவின் விலை சில நிமிடங்களில் 1 பிராங்குக்கும் கீழே போனது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் எதிர்த்தரப்பே கிடைக்கவில்லை. பல புரோக்கர்களே தள்ளாடிப் போனார்கள். கேப்புக்கு நேரம் காலம் கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கேப்பைத் தாங்க ஆர்டரை நம்ப முடியாது, பொசிஷனின் அமைப்பைத்தான் நம்ப முடியும். ஆப்ஷன் வாங்கியவருக்கு அந்த அமைப்பு இயல்பாகவே இருக்கிறது: கொடுத்த 13-க்கு மேல் அவர் இழக்க முடியாது. பல நாள் வைத்திருக்கும் பொசிஷன் என்றால், அந்த 13 முழுவதும் போனாலும் தாங்கும் அளவுக்கே வாங்கச் சொல்வேன்.

விற்றவர் அந்த அமைப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 970 புட்டை 5-க்கு விற்கும்போதே 940 புட்டை 1.5 கொடுத்து வாங்கிவிட்டால் கையில் நிற்பது 3.5. இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடைவெளி 30. எக்ஸ்பைரியில் பங்கு எங்கே கிடந்தாலும் நஷ்டம் 26.5-ஐத் தாண்டாது. அந்தக் காலை 930-ல் திறக்கும்போது 940 புட்டும் 26 அளவுக்கு ஏறியிருக்கும். இரண்டையும் நியாய விலையில் கழித்தால் நஷ்டம் 17, 18. வலிக்கும் தொகைதான். ஆனால் எத்தனை லாட் விற்கலாம் என்பதை 26.5-ஐ வைத்து முதல் நாளே முடிவு செய்திருந்தால் கணக்கு உடையாது.

இப்படிப் பாதுகாப்புக்கு ஹெட்ஜ் வைத்திருப்பவர்கள் அந்தக் காலையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. லாபத்தில் மின்னும் 940 புட்டை முதலில் விற்றுக் காசாக்கிவிடுகிறார்கள். அந்த நொடியில் 970 புட் பாதுகாப்பு இல்லாமல் தனியாக நிற்கும். மார்ஜின் தேவையும் திடீரென ஏறும், புரோக்கரே பொசிஷனை மூடும் நிலை வரலாம். வெளியேறுவதென்றால் திறந்த முதல் பதினைந்து, இருபது நிமிடம் விலை இடைவெளி சுருங்கட்டும் என்று பொறுத்து, விற்றதை முதலில் லிமிட் ஆர்டரில் திரும்ப வாங்கிவிட்டு, அப்புறம் 940-ஐ விற்க வேண்டும். பழைய 11 லிமிட் ஆர்டர் இன்னும் 'ஓப்பன்' என்று கிடந்தால் அதையும் அப்போதே ரத்து செய்துவிடுங்கள்.