தேதிக்குப் பின்னால் இருக்கும் காரணம்

ஒரு மருத்துவக் கையேட்டை அச்சுக்கு அனுப்பும் வேலை என்னிடம் இருந்தது. மருந்தளவு அட்டவணைகளை ஒரு மருத்துவர் சரிபார்த்துத் தரவேண்டும். திங்கட்கிழமை காலை, "மிக அவசரம்! தயவுசெய்து உடனே பார்த்து அனுப்பவும்!!" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மாலை வரை பதில் இல்லை. இரவு மறுபடி எழுதினேன்:

"வியாழன் காலை 9 மணிக்கு அச்சு இயந்திரத்தில் நமக்கு இடம் கிடைத்திருக்கிறது. அச்சடிக்கும் தகடான பிளேட்டை எடுக்க, புதன் மாலை 5 மணிக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போகவேண்டும். உங்கள் திருத்தங்களைப் பக்கத்தில் ஏற்ற எனக்கு 3 மணி நேரம் பிடிக்கும். அதனால் புதன் மதியம் 2 மணிக்குள் வந்தால் போதும். இந்த இடம் தவறினால் அடுத்தது 11 நாள் கழித்துத்தான்."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "புதன் முழுக்க எனக்கு அறுவை சிகிச்சைகள். செவ்வாய் இரவு மருந்தளவு அட்டவணைகளை மட்டும் பார்த்துவிடுகிறேன். கடைசி அத்தியாயத்துக்கு நேரம் இருக்காது. அது தாமதமானால் என்ன ஆகும்?"

அந்தக் கேள்விதான் முக்கியம். முதல் மின்னஞ்சலைப் படித்த யாராலும் அதைக் கேட்டிருக்க முடியாது. கேட்க அதில் ஒன்றுமே இல்லை. அது 64 பக்கப் புத்தகம். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று நாலு ஃபாரம். அட்டவணைகள் மூன்றாவது ஃபாரத்தில் இருந்தன, கடைசி அத்தியாயம் நாலாவதில். அச்சகத்தைக் கேட்டேன். நாலாவது ஃபாரத்தை வெள்ளிக்கிழமைதான் ஓட்டுவார்கள் என்றும், அதற்கான பிளேட்டுக்கு வியாழன் மாலை வரை நேரம் உண்டு என்றும் சொன்னார்கள். ஆக, மருத்துவருக்கு வியாழன் மதியம் வரை நேரம் கிடைத்தது. புத்தகமும் தேதி தவறாமல் அச்சேறியது.

இரண்டு மின்னஞ்சலும் கேட்டது ஒரே வேலையைத்தான். அப்புறம் ஏன் இத்தனை வித்தியாசம்?

'அவசரம்' என்ற சொல்லை எழுத எழுதுபவருக்கு எந்தச் செலவும் இல்லை. மின்னஞ்சல் செயலியில் சிவப்பு ஆச்சரியக்குறியை ஒருமுறை சொடுக்கினால், `Importance: high` என்று ஒரு வரி தலைப்பில் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். உண்மையிலேயே அவசரம் உள்ளவரும் அதைச் சொடுக்கலாம், சும்மா பதற்றப்படுபவரும் சொடுக்கலாம். பெறுபவரால் பிரித்தறிய முடியாது. திரும்பத் திரும்ப வந்து, பின்னால் ஒன்றும் நடக்காத சமிக்ஞையை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். மருத்துவமனைகளில் நோயாளியின் கண்காணிப்புக் கருவிகள் ஓயாமல் ஒலிப்பதால், செவிலியர்களின் காது அந்த ஒலிக்கே மரத்துப்போவது நன்றாக அறியப்பட்ட சிக்கல். புலி வருது கதையை இங்கே இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் விஷயம் அதேதான்.

காரணத்தின் கதை வேறு. "பிளேட்", "5 மணி", "11 நாள்" என்று எழுதினால், பெறுபவர் தாமதத்தின் விலையைத் தானே கணக்கிட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன, ஒரு நாள் பிந்தினால் என்ன என்று பார்த்து, தன் மேசையில் கிடக்கும் மற்ற வேலைகளுக்கு நடுவே இதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பார். தவிர, பொய்க் காரணத்தைக் கட்டுவது அத்தனை எளிதில்லை. அச்சகத்துக்கு ஒரு போன் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

'காரணம் என்று எதையாவது சொன்னாலே போதும், வேலை நடந்துவிடும்' என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் பெரும்பாலும் காட்டுவது, உளவியலாளர் எலன் லாங்கரும் சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட சோதனையை. நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் நகல் இயந்திரத்தில் நின்றவர்களிடம் ஒருவர் போய், தான் முதலில் நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். "அவசரமாகப் போகவேண்டும்" என்றபோது 94. "நகல் எடுக்கவேண்டும், அதனால்" என்று காரணம் மாதிரி தெரிகிற வெற்று வார்த்தையைச் சொன்னபோதும் 93. கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த எண்கள் எல்லாம் சிறிய உதவிக்கு உரியவை. கேட்பவரிடம் பக்கங்கள் நிறைய இருந்து, வழிவிடுபவருக்கு நேரம் வீணாகும் என்ற நிலை வந்ததும், வெற்றுக் காரணத்துக்குக் கிடைத்தது 24 சதவீதம். காரணமே சொல்லாதவர்களுக்கும் அதே 24தான். உண்மைக் காரணம் சொன்னவர்களுக்கு 42.

அலுவலக வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் சேரும். நாம் கேட்பது எதிராளியின் அரை நாளை. அங்கே "சீக்கிரம் வேண்டும், ஏனென்றால் அவசரம்" என்பது, நகல் எடுக்கவேண்டும் என்பதால் நகல் எடுக்க விடுங்கள் என்பதைப் போலத்தான். "மேலிடத்தில் கேட்கிறார்கள்" என்பதையும் நான் அந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பேன். யார் கேட்கிறார் என்று தெரிகிறதே தவிர, அந்த நாளில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிவதில்லை.

எழுதும்போது நான் பின்னாலிருந்து கணக்குப் போடுவேன். யாராலும் நகர்த்த முடியாத நிகழ்வு எது என்று முதலில் பிடிப்பேன். இயந்திரம் ஓடும் நேரம், ஏலம் மூடும் நேரம், விமானம் கிளம்பும் நேரம் மாதிரி. அங்கிருந்து இடையில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் தேவையான நேரத்தைக் கழித்துக்கொண்டே வந்தால், எதிராளியின் தேதி கிடைக்கும். இப்படிப் போகும்போது சில சமயம் நகர்த்த முடியாத நிகழ்வு எதுவுமே அகப்படாது. அப்போது அவசரம் என் மனசில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே எழுதிவிடுவது நல்லது: "தேதி நெருக்கடி எதுவும் இல்லை, அடுத்த வாரம் போதும்." லாரா ஜியுர்ஜும் வனெசா போன்ஸும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை நேரம் கடந்து வரும் சாதாரண மின்னஞ்சலுக்குக்கூட, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் தரவேண்டும் என்று பெறுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவசரமில்லை என்ற ஒற்றை வரி அந்தப் பதற்றத்தைக் குறைத்தது.

இந்த முறை கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. புதன் போதும் என்ற வேலைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று திங்கள் எனச் சொல்லி, அதற்கு ஒரு காரணத்தையும் ஒட்டவைப்பது. ஒருமுறை பலிக்கும். இரண்டாவது முறை, தவறிய தேதிக்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை எதிராளி கவனித்துவிடுவார். "சரி, உண்மையான தேதி எது?" என்று யாராவது கேட்கத் தொடங்கினால், உங்கள் காரணங்களும் ஆச்சரியக்குறி ஆகிவிட்டன. கூடுதல் நாள் வேண்டுமென்றால் அதையும் வெளிப்படையாகவே வைக்கலாம்: "அச்சகத்துக்குப் புதன் மாலை. திருத்தத்தில் சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்க ஒரு நாள் வேண்டும், அதனால் செவ்வாய் மாலை."

கட்டடத்தில் தீப்பிடித்தால் இதெல்லாம் கிடையாது, கத்தத்தான் வேண்டும். அங்கே கணக்கிட எதுவும் இல்லை. காரணம் புகையாகவே தெரியும்.