தாத்தா கன்னத்தில் தேமல்: லித்தோஃபேன் விளக்கில் வெளிச்சம் ஏன் திட்டுத் திட்டாகிறது?

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக, தாத்தா பாட்டியின் பழைய கல்யாண போட்டோவை விளக்காகச் செய்து தரச் சொன்னார். செய்து முடித்து, பெட்டிக்குள் மாட்டி, அவர் முன்னாலேயே சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நல்லா இருக்கு சார். ஆனா தாத்தா கன்னத்துல தேமல் மாதிரி ஏதோ தெரியுதே?" என்றார். அவர் சொன்னது சரிதான். பாட்டியின் தோள் பக்கத்திலும் வட்ட வட்டமாக வெளிச்சப் புள்ளிகள் இருந்தன.

லித்தோஃபேன் என்பது வெள்ளைத் தகடுதான். விளக்கை அணைத்தால் மேடு பள்ளம் மட்டும் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் மெலிந்த இடம் பளிச்சென்றும் தடித்த இடம் இருட்டாகவும் தெரிந்து படம் எழும். 1827-இல் பிரான்சில் பூர்குவான் என்பவர் பீங்கானில் இதைச் செய்யக் காப்புரிமை வாங்கினார். நாம் இப்போது அதை 3டி பிரிண்டரில், வெள்ளை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்கிறோம். தடிமன்தான் இங்கே மை. அதனால் மற்ற பிரிண்டுகளில் கண்ணுக்கே தெரியாத கோளாறுகூட இதில் முகத்தில் வந்து நிற்கும்.

திட்டு தெரிந்ததும் மறுபடி பிரிண்ட் போட ஓடாதீர்கள். 100 × 150 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் தகட்டைக் கழற்றித் தலைகீழாக மாட்டிப் பாருங்கள். திட்டு படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு பிரிண்டில். அது பெட்டியில் அதே இடத்திலேயே நின்றால் விளக்கில். நான் அப்படி மாட்டியபோது கன்னத்துத் தேமல் தாத்தாவோடு கீழே இறங்கிவிட்டது. வட்டப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

முதலில் தேமலைப் பார்ப்போம். தகட்டை நான் நிறுத்திவைத்துத்தான் பிரிண்ட் போடுவேன். படுக்கவைத்தால் 0.12 மி.மீ. லேயரில், 0.8-இலிருந்து 2.8 மி.மீ. வரைக்கும் பதினேழு படிகள்தான் கிடைக்கும். கன்னத்தின் மெல்லிய நிழலெல்லாம் படிக்கட்டாகிவிடும். நிறுத்திவைத்தால் தடிமனை நாசிலின் பக்கவாட்டு நகர்வு தீர்மானிக்கிறது, நிழல் வழுவழுப்பாக இறங்கும். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு கோட்டின் அகலம் 0.4 மி.மீ. என்றால் இரண்டு கோடு 0.8, மூன்று கோடு 1.2. கன்னத்தின் தடிமன் 1.0 என்றால் என்ன ஆகும்? இரண்டு கோடு போட்டபின் நடுவில் 0.2 மி.மீ. இடுக்கு மிஞ்சும். பிரிண்டரின் பாதையைப் போட்டுத் தரும் மென்பொருளான ஸ்லைசர் அதைச் சில இடத்தில் துணுக்குத் துணுக்காக நிரப்பும், சில இடத்தில் அப்படியே விட்டுவிடும். பகலில் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் நிலப்படத்தின் உயரக் கோடுகள் மாதிரி முகத்தின் வளைவை ஒட்டியே ஓடும் வரிகள் தெரியும். அதுதான் அந்தத் தேமல்.

இது ஏன் நெற்றி, கன்னம், வேட்டி போன்ற வெளுத்த இடங்களிலேயே வருகிறது என்று கேட்பார்கள். 0.2 மி.மீ. பிசகு என்பது 0.8 தடிமனில் கால் பங்கு, 2.8 தடிமனில் பதினான்கில் ஒரு பங்கு. இருட்டான இடத்தில் மறைந்துபோகும் பிசகு மெலிந்த இடத்தில் மறையாது.

சரிசெய்வது எளிது. கோட்டின் அகலத்தையே தேவைக்கேற்ப மாற்றிப் போடும் முறை ஒன்று இருக்கிறது. 1.0 மி.மீ. இடத்தில் இரண்டு கோட்டையும் அரை அரை மில்லிமீட்டராக்கி இடுக்கே இல்லாமல் செய்துவிடும். க்யூரா ஸ்லைசரில் 2022-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. ஆர்கா ஸ்லைசரில் `Wall generator` என்பதை `Arachne` என்று மாற்றி, `Wall loops` எண்ணிக்கையை 10 ஆக்கினேன். தடித்த இடத்தில்கூட, சுவர்களுக்கு நடுவே நிரப்பும் இன்ஃபில்லுக்கு இடமே இருக்கக் கூடாது. இரண்டு மூன்று சுவர் மட்டும் வைத்தால் நடுவில் இன்ஃபில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அந்தக் கோலமும் வெளிச்சத்தில் தெரியும். வேகம் 40 மி.மீ./நொடி, அடியில் அகலமான பிரிம். தகடு உயர உயர ஆடத் தொடங்கும் என்பதால் வேகத்தில் பேராசை வேண்டாம். தகட்டைக் கொஞ்சம் வளைத்து வடிவமைத்தால் ஆட்டம் வெகுவாகக் குறையும்.

எல்லாத் திட்டுக்கும் இதுவே மருந்தல்ல. உப்புத் தூவியது போல் பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் ஃபிலமென்டில் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் திறந்துவைத்த ரோல் சீக்கிரமே ஈரம் இழுத்துவிடும். நாசிலில் பட் பட்டென்று மெல்லிய சத்தம் கேட்கும். 45 முதல் 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தினால் சரியாகிவிடும். குறுக்கே நேர்கோடாக ஒரே ஒரு பட்டை தெரிந்தால், பெரும்பாலும் அந்த லேயரில் கரன்ட் போய் வந்திருக்கும். மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும் தழும்பு போகாது. லித்தோஃபேன் ஓடும் மெஷினை யூபிஎஸ் இல்லாமல் நான் ஓட்டுவதில்லை.

0.8, 2.8 என்ற எண்கள் என் ஃபிலமென்டுக்கு உரியவை. வெள்ளைக்கு வெள்ளை வித்தியாசம் உண்டு. 0.4 மி.மீ.யில் தொடங்கி 0.4 கூட்டிக்கொண்டே 3.2 வரை போகும் எட்டுப் படித் துண்டு ஒன்றை உங்கள் ரோலிலேயே போட்டு, உங்கள் விளக்கின் முன்னால் பிடியுங்கள். எந்தப் படியில் வெளிச்சம் கிட்டத்தட்ட அணைந்துவிடுகிறதோ அதுதான் உங்கள் அதிகபட்சத் தடிமன். அதற்கு மேல் தடிமன் ஏற்றுவது நேரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கேடு.

இனி அந்த வட்டப் புள்ளிகள். ரிச்சி தெருவில் வாங்கிய எல்இடி ஸ்ட்ரிப்பில் மீட்டருக்கு 60 விளக்குகள், அதாவது 17 மி.மீ.க்கு ஒன்று. அதைப் பெட்டியின் பின்சுவரில் ஒட்டியிருந்தேன். சுவருக்கும் தகட்டுக்கும் இடைவெளி வெறும் 12 மி.மீ. ஒவ்வொரு விளக்கின் ஒளியும் விரிந்து பக்கத்து ஒளியோடு கலப்பதற்கு முன்பே தகட்டில் மோதிவிட்டது. குறைந்தது இரண்டு விளக்குகளுக்கு இடையே உள்ள தூரமாவது வேண்டும், ஒன்றரை மடங்கு விட்டால் நிம்மதி. நான் பெட்டியை 30 மி.மீ. ஆழமாக்கி, ஸ்ட்ரிப்பை நான்கு பக்க விளிம்பிலும் பின்சுவரைப் பார்த்த மாதிரி ஒட்டி, உள்ளே முழுக்கப் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்தேன். இப்போது தகட்டுக்கு வருவது சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டும். இடமே இல்லாத பெட்டி என்றால் நடுவில் பால் நிற அக்ரிலிக் ஷீட் ஒன்று வைக்கலாம், வெளிச்சம் சற்றுக் குறையும்.

ஸ்பைரல் வேஸ் முறையில் ஒற்றைச் சுவராகப் போடும் லேம்ப் ஷேடுக்கும் இந்தத் தூரக் கணக்கு அப்படியே பொருந்தும். 0.4 மி.மீ. சுவரில் பல்பே பளிச்சென்று தெரியும். 0.8 நாசில் போட்டுச் சுவரைத் தடிமனாக்குங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிஎல்ஏ ஷேடுக்குள் பழைய குண்டு பல்பைப் போடாதீர்கள். 60 டிகிரியை நெருங்கினாலே பிஎல்ஏ தளர்ந்துவிடும், அந்த பல்பு அதற்கு மேலேயே கொதிக்கும். எல்இடி மட்டும் போடுங்கள், சூடு வெளியேற மேலும் கீழும் துளை விடுங்கள். வீட்டுக் கரன்டை நேரடியாக உள்ளே கொண்டுபோகாமல் 12 வோல்ட் அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தகட்டை வாங்க வந்தபோது அந்தப் பெண் சுவிட்சைத் தானே போட்டார். தாத்தாவின் கன்னத்தைத்தான் முதலில் பார்த்தார். வெளியில் மே மாத வெயில். "நேரா வீட்டுக்குப் போயிடுங்கம்மா, வழியில கடைக்குப் போனாலும் இதை கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, வளைஞ்சிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினேன்.