ஏரியா, எரியா? தலைப்பு எழுத்தை வாலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

தண்டையார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பதால் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். தலைப்புக்கு நேரான, ஒரே தடிமன் உள்ள சாதா எழுத்தைப் போடுவதா, இல்லை பேனாவில் எழுதின மாதிரி தடித்தும் மெலிந்தும் நுனியில் வெட்டோ வளைவோ உள்ள எழுத்தைப் போடுவதா? வருகிறவர்கள் இதை முழுக்க ரசனை விஷயமாகத்தான் பேசுவார்கள். சாதா எழுத்தைக் காட்டினால் "கவர்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு அண்ணே" என்பார்கள், பேனா எழுத்தைக் காட்டினால் "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கே" என்பார்கள். ரசனை இருக்கட்டும், ஆனால் தமிழில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆங்கில எழுத்தில் கோட்டு நுனியில் இருக்கும் சின்னக் கால்களை எடுத்துவிட்டாலும் எழுத்து அதே எழுத்துதான். தமிழில் சில எழுத்துகளுக்கு அப்படி இல்லை, நுனிதான் எழுத்து. எ, ஏ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கீழே இழுத்த அந்த ஒரு வால்தான் வித்தியாசம். ஒ, ஓ இரண்டுக்கும் முடிவில் இருக்கும் சுழிதான். ெ-க்கும் ே-க்கும் மேலே ஒரு சுழி, ி-க்கும் ீ-க்கும் கொக்கியின் நுனியில் ஒரு சுழி. ர-வுக்கும் துணைக்காலுக்கும் அடியில் இருக்கும் சாய்ந்த கால். ஒரு காலத்தில் குறிலுக்குப் புள்ளி வைத்து எ, ஏ வித்தியாசம் காட்டினார்கள், இன்று நாம் பார்க்கும் இந்த வால், சுழி முறையைக் கொண்டுவந்தவராக வீரமாமுனிவரைச் சொல்வது வழக்கம். ஆக, நெடில் முழுவதும் ஒரு சின்ன நுனியில் தொங்குகிறது. தலைப்பு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நுனி பிழைக்குமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பேனா எழுத்தில் அந்த நுனிக்கு வரும் ஆபத்து, அது மெலிந்து காணாமல் போவது. சாதா எழுத்தில், அதுவும் ரொம்பத் தடிமனாகப் போட்டால், ஆபத்து நேர் எதிர்: சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைந்துபோகும். ஒன்று மறைகிறது, இன்னொன்று அப்புகிறது, இரண்டிலும் நெடில் குறிலாகவோ குழப்பமாகவோ ஆகிவிடும்.

சமீபத்தில் செய்த ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பையன்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வட்டாரச் செய்தித்தாள், ஏ4 அளவில் நாலு பக்கம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் ஒரே கலர் ஆஃப்செட். முதல் பக்கப் பெரிய தலைப்பு "ரெட்டேரி ஏரிக்கரையில் மீண்டும் குப்பை". அதற்குக் கீழேயே, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக, "எரியுலை வேண்டாம்: கொடுங்கையூரில் கூட்டம்". ஒரே பக்கத்தில் ஏரியும் எரியும்! இதைவிட நல்ல பரீட்சை நாமே யோசித்து வைக்க முடியாது. இதே தலைப்புகள் வாட்ஸ்அப்பில் படமாகப் போக வேண்டும், கூட்டத்துக்கு ஆறுக்கு மூன்று அடி ஃப்ளெக்ஸும் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பேனா எழுத்து, "நம்ம அடையாளம் அதுதான்" என்பது அவர்கள் கட்சி.

சரி, பேசிக்கொண்டிருப்பதைவிட அளந்து பார்ப்பது சுலபம். அவர்கள் கேட்ட எழுத்துருவில் ஏ என்ற எழுத்தை 300 பாயிண்டில் அடித்து, வால் மிக மெலிந்திருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வரைந்து அதன் அகலத்தைப் பார்த்தோம். 9 பாயிண்ட் வந்தது, அதாவது 100க்கு 3 பங்கு. இந்த ஒரு எண் கிடைத்தால் மீதி எல்லாம் பெருக்கல் கணக்கு.

பெரிய தலைப்பு 30 பாயிண்ட் என்றால் மெல்லிய கோடு 0.9 பாயிண்ட். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு ஆஃப்செட்டில் 0.25 பாயிண்ட் கோடுகூட நிற்கும், அதனால் இங்கே பயமே இல்லை, பேனா எழுத்து தாராளமாகப் போகலாம். உள்பக்கக் குட்டித் தலைப்புகள் 14 பாயிண்ட், கோடு 0.42. அச்சில் வரும், ஆனால் பக்கத்திலேயே தடித்த கோடு இருப்பதால் இன்னும் மெலிந்த மாதிரி தெரியும், வயசானவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். பிரச்சினை அந்தக் கறுப்புப் பட்டையில்தான். 16 பாயிண்டில் கோடு 0.48. வெள்ளை எழுத்து என்றால் எழுத்துக்கு மை இல்லை, சுற்றி இருக்கும் மைதான் எழுத்தை விட்டுவைக்கிறது, மேப்லித்தோ கோட்டிங் இல்லாத தாள் என்பதால் மை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஊறி உள்ளே வரும். வெள்ளை எழுத்துக்கு அரை பாயிண்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்வது, நான் இந்தத் தாளுக்கு முக்கால் பாயிண்டாவது இருக்கட்டும் என்பேன். அந்தப் பட்டையில் "கொடுங்கையூரில் கூட்டம்" என்பதன் கொம்பும் கீழ்ச் சுழிகளும்தான் முதலில் போகும்.

அதனால் பட்டைக்குச் சாதா எழுத்து என்று முடிவானதும் ஒரு பையன் அதிலேயே மிகத் தடித்த 900 எடையைப் போட்டுவிட்டான். கறுப்பின் மேல் வெள்ளை, நன்றாகப் பளிச்சென்று இருக்கட்டும் என்று. இப்போது "வேண்டாம்" என்பதில் ே சுழியின் ஓட்டை ஊசி முனை அளவுக்கு ஆகிவிட்டது, ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதே பெட்டி வித்தையை ஓட்டைக்கும் செய்யலாம்: கோட்டின் அகலத்தைவிட ஓட்டை குறுகலாக இருந்தால் அந்த எடை சின்ன அளவுக்கு வேண்டாம். 600க்கு இறக்கினோம், சுழிகள் திறந்தன. தமிழில் ஒரு எழுத்துக்குள்ளேயே இத்தனை சுழிகள் இருப்பதால், ஆங்கிலத்தில் அழகாக நிற்கும் தடிமன் தமிழில் கறுப்புத் திட்டாகிவிடும். பக்கத்தில் ஆங்கிலச் சொல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே எடை எண் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கண்ணுக்கு ஒரே கருமையாகத் தெரிந்தால் போதும்.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில்தான் எல்லோருக்கும் ஆச்சரியம். "அவ்வளவு பெரிய எழுத்து, அதில் போய் கோடு மறையுமா?" என்று கேட்டார்கள். அச்சில் மறையாது, பார்க்கிறவர் கண்ணில் மறையும். எழுத்து அளவு 10 அங்குலம் என்று வையுங்கள், 100க்கு 3 பங்கு என்றால் மெல்லிய கோடு ஏழரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கும் எல்லை ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு, 30 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் வண்டியில் போகிறவருக்கு ஏ-யின் வால் பின்னணியோடு கரைந்து எ மாதிரி தெரியத் தொடங்கும், அதுவும் மஞ்சளில் சிவப்பு, நீலத்தில் கறுப்பு என்று நம் ஊர் பேனர் கலர்களில் இன்னும் சீக்கிரம். ஃப்ளெக்ஸுக்குச் சாதா எழுத்து, விவாதமே வேண்டாம். பெயரையும் சின்னத்தையும் மட்டும் பெரிதாகப் பேனா எழுத்தில் விட்டோம், அவர்கள் அடையாளம் அதில் நின்றுவிட்டது.

வாட்ஸ்அப் படம் 1080 பிக்சல் அகலம். தலைப்பு 64 பிக்சல் என்றால் மெல்லிய கோடு 2 பிக்சலுக்கும் கொஞ்சம் குறைவு. படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப் அமுக்கும், இரண்டு பேர் ஃபார்வர்டு பண்ணி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அந்தக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். ஒரே வரியில் நாலு சொல்லுக்குள் பெரிதாகப் போட்டால் பேனா எழுத்து சரி, மூன்று வரி நீளத் தலைப்பு என்றால் சாதாவுக்கே போய்விடுங்கள்.

இணையதளத்தில் வேறொரு சிக்கல், இது கணக்கில் வராது. பேனா பாணி எழுத்துருக்கள் பலவற்றில் தடித்த வடிவமே கிடையாது. உதாரணமாக Tiro Tamil அழகான எழுத்து, ஆனால் சாதாரணமும் சாய்வும் மட்டும்தான். தலைப்பு என்று குறித்ததும் உலாவி தானாகவே தடிமன் கேட்கும், கோப்பில் தடிமன் இல்லை என்றால் கோட்டை அதுவே வீங்கவைத்துப் போலித் தடிமன் காட்டும். பேனா எழுத்தின் மெலிவும் போய், சுழியும் அடைந்து, இரண்டு பாணியின் கெடுதலும் ஒரே இடத்தில் கிடைக்கும். வெளியே பார்த்தால் "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றும், காரணம் தெரியாது. இதை நிறுத்த இவ்வளவு போதும்:

```css
h1, h2 {
  font-family: "Tiro Tamil", serif;
  font-weight: 400;
  font-synthesis: none;
  line-height: 1.4;
}
```

தடிமன் நிஜமாகவே வேண்டும் என்றால் Noto Serif Tamil எடுங்கள், அதில் 100 முதல் 900 வரை எல்லா எடையும் வரைந்தே வைத்திருக்கிறார்கள். சாதா பக்கத்தில் Noto Sans Tamil, Catamaran இரண்டுக்கும் அதே ஒன்பது எடைகள் உண்டு.

இரண்டு எழுத்துருவை ஒப்பிடும்போது பாயிண்ட் எண்ணை நம்பாதீர்கள். 30 பாயிண்டில் ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் தெரியும், ஏனென்றால் அந்த 30க்குள் எழுத்துக்கு எவ்வளவு, கொம்புக்கும் வாலுக்கும் எவ்வளவு என்று ஒவ்வொரு வடிவமைப்பாளரும் வேறு மாதிரி பங்கு போட்டிருப்பார். இரண்டிலும் ப-வின் உயரத்தைச் சமமாக்கிவிட்டு அப்புறம் பாருங்கள். "சாதா எழுத்துதான் தெளிவா இருக்கு" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் பெரிய எழுத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

பார்ப்பதற்கு அழகான சொல்லை அடித்துப் பார்க்காதீர்கள், "தமிழ்" என்று அடித்தால் எந்த எழுத்துருவும் நன்றாகத்தான் இருக்கும். நான் கடையில் வைத்திருக்கும் வரி இது: எரி ஏரி, விதி வீதி, கெடு கேடு, ஒட்டு ஓட்டு, தாம் தரம், மனம் மணம். இதை நிஜ அளவில், நிஜத் தாளில் எடுத்து, வேலை தெரியாத யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சுவரொட்டி என்றால் கடைக்கு வெளியே ஒட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போய் வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும், எந்த எழுத்து எந்த அளவுக்குக் கீழே ஆகாது என்பது தெரிந்துவிடும்.

அந்தச் செய்தித்தாள் கடைசியில் இப்படிப் போனது: முதல் பக்கத் தலைப்பு மட்டும் பேனா எழுத்து 30 பாயிண்ட், பட்டையும் குட்டித் தலைப்பும் சாதாவில் 600 எடை, ஃப்ளெக்ஸில் பெயரும் சின்னமும் தவிர எல்லாம் சாதா. முதல் பக்கத் தலைப்பு இரண்டு வரியாக உடைந்ததால் வரி இடைவெளியை 34 பாயிண்டிலிருந்து 42க்கு ஏற்ற வேண்டியிருந்தது. மேல் வரி ரி-களின் கால் கீழே நீண்டு வந்து "மீண்டும்" என்பதன் கொக்கியில் இடித்தது. சாதா எழுத்தில் அந்தக் கால் குட்டை, 38இலேயே நின்றிருக்கும். பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லை என்றால் பேனா எழுத்தை விட்டுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.