மூன்று முறை திரும்பி வந்த டிக்கெட்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு, பச்சை இலை எடை போடும் செயலி ஒன்றை எங்கள் குன்னூர் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தோம். அதில் டெஸ்டிங் என் பொறுப்பு. ஜூன் மாதம் 40 டிக்கெட் முடித்தோம். அவற்றில் 6 டிக்கெட் 'Done' போன பிறகு மறுபடி திறக்கப்பட்டன. அதாவது 15 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்ததும் மேலாளர், "கோட் ஒழுங்காகச் சரிபார்க்கப்படுவதில்லை, இனி ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணணும்" என்றார். ஆறையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துவிட்டு முடிவு செய்யலாமே என்றேன்.

ஜிராவில் எடுக்க இது போதும்:

```
project = LEAF
AND status CHANGED TO "Done" DURING ("2025/06/01", "2025/07/01")
AND NOT status CHANGED TO "Done" BEFORE "2025/06/01"
AND status CHANGED FROM "Done" AFTER "2025/06/01"
```

ஜூனில் முடிந்தவற்றில் எத்தனை திரும்பின என்று கேட்கிறோம். ஜூனில் திரும்பியவை எத்தனை என்று கேட்டால், ஏப்ரலில் முடித்ததும் அதில் கலந்துவிடும். அதேபோல், மாதம் முடிந்த மறுநாளே கணக்கு எடுத்தால் எண் அழகாகத்தான் இருக்கும். கடைசி வாரம் முடித்த வேலையை யாரும் இன்னும் பயன்படுத்தியே பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஒரு மாதம் பொறுத்துத்தான் எடுப்பேன். இன்னொன்று, இந்தத் தேடல் டிக்கெட்டைத்தான் எண்ணும், தடவையை எண்ணாது. மூன்று முறை திரும்பியதும் ஒன்றுதான். அதற்கு ஹிஸ்டரியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பார்த்தோம். ஒன்று உண்மையான கோட் பிழை. ஒன்று யாரோ போர்டில் கை தவறி இழுத்தது. மீதி நான்கும் எழுதியபடியே செய்து, எழுதியதே போதாமல் திரும்பியவை. அவற்றில் மூன்று முறை வந்தது இது: "மழை நாளில் இலைக்கு 5% ஈரக் கழிவு போட வேண்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

டெவலப்பர் மொத்த எடையில் 5% கழித்தார். பிறகு சாக்குக்கு ஒரு கிலோ வீதம் கழித்தார். கடைசியில் அரைக் கிலோவுக்குச் சரிக்கட்டினார். நான் 42.6 கிலோ, இரண்டு சாக்கு என்று போட்டுப் பார்த்தேன். 38.47 வந்து, 38.5 ஆனது. சரி என்று முடித்துவிட்டேன்.

ஃபேக்டரியில் கையால் போடும் கணக்கு வேறு. முதலில் சாக்கு, பிறகுதான் கழிவு. அப்படிப் போட்டாலும் 42.6-க்கு 38.57, அதாவது அதே 38.5. வித்தியாசம் நூறு கிராம்தான், அதைச் சரிக்கட்டல் மறைத்துவிட்டது. ஆனால் 42.8 வந்த அன்று மாட்டிக்கொண்டது. கைக்கணக்கில் 38.76, எனவே 39. எங்கள் செயலியில் 38.66, எனவே 38.5. அரைக் கிலோ இலை விவசாயி கணக்கில் குறைந்தது. டிக்கெட் திறந்தது.

அதைத் திருத்தினோம். அடுத்து, சரிக்கட்டலை ஒவ்வொரு தூக்குக்கும் போடுவதா, ஒருவருடைய நாள் மொத்தத்துக்கா என்று வந்தது. பிறகு, 5% எல்லா இலை வாங்கும் இடத்துக்கும் பொருந்தாது, மழை பெய்த இடத்துக்கு மட்டும் என்று வந்தது. மூன்று தடவையும் கோட் சொன்னதைச் சரியாகவே செய்தது. ரெண்டு பேர் இல்லை, நாலு பேர் ரிவ்யூ பண்ணியிருந்தாலும் இதைப் பிடித்திருக்க முடியாது. அவர்களும் அதே ஒற்றை வரியைத்தானே படிப்பார்கள்?

அதனால் ரிவ்யூவைக் கூட்டவில்லை. கணக்கு சம்பந்தப்பட்ட டிக்கெட் என்றால், எடை போடுபவரே கையால் போட்ட மூன்று கணக்கு உள்ளே இல்லாமல் வேலை தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதில் ஒன்றாவது சரிக்கட்டலின் விளிம்பில் நிற்கும் எண்ணாக இருக்க வேண்டும். மறுபடி திறப்பவர் காரணத்தையும் குறிக்க வேண்டும்: எழுதியபடி செய்யவில்லையா, எழுதியதே போதவில்லையா, இப்போது புதிதாகக் கேட்கிறார்களா, தவறிப் பட்டதா. காரணம் பிரிக்காத 15-ஐ வைத்து யாரையும் எதுவும் சொல்ல முடியாது.

இந்த எண்ணை டெவலப்பரின் அப்ரைசலில் சேர்க்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படிச் செய்தார்கள். இரண்டே மாதத்தில் ரீஓபன் ஏறக்குறைய இல்லாமல் போனது. பழைய பிழையெல்லாம் புது டிக்கெட்டாக வந்துகொண்டிருந்தது! புது டிக்கெட்டின் விவரத்தில் "முன்பு சொன்னதுதான்" என்று அடிக்கடி தென்பட்டால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது திருத்தத்தைக் காட்டப் போனபோது எடை போடும் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. ஆனா நனைஞ்ச சாக்கு ஒரு கிலோவா இருக்கும்?"

இது நாங்கள் கேட்காமல் விட்டதா, அவர் புதிதாகக் கேட்பதா என்று அலுவலகத்தில் அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் புது டிக்கெட் போட்டு, பழையதோடு லிங்க் செய்து வைத்திருக்கிறோம்.